ஊருணித் தண்ணீரும் ஐந்து பாட்டில்களும்

கிராமத்துச் சிறுமி ஒருத்தி மாவட்ட அறிவியல் போட்டியில் பரிசு பெறும் கதை பள்ளி இதழ்களில் அடிக்கடி வருவது. ஏழ்மையான வீடு, ஊக்கம் தரும் ஆசிரியர், கைதட்டல், மேடை, தாயின் கண்ணீர் என்று அது பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். அந்தச் சிறுமி என்ன செய்து பரிசு வாங்கினாள் என்பதற்கு மட்டும் ஒரு வரிதான் கிடைக்கும்: "புதுமையான ஒரு கருவியை உருவாக்கினாள்." படிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவள் ஏன் வென்றாள் என்று கடைசிவரை தெரியாது. நடுவர்களுக்கு அவளைப் பிடித்திருந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

இந்தக் குறையை நீக்க ஒரு வழி உண்டு. சோதனையையே கதையாக்கிவிட வேண்டும். ஒரு கேள்வி எழுவது, அதை அளந்து பார்க்க வழி தேடுவது, முதல் முயற்சி பொய்யாவது, பொய்யானது எதனால் என்று புரிவது, மறுபடி செய்வது என்று ஒரு நல்ல சோதனைக்குள் தொடக்கமும் சிக்கலும் திருப்பமும் தாமாகவே இருக்கின்றன. எழுதுபவர் வெளியிலிருந்து ஒரு வில்லனையோ விபத்தையோ கொண்டுவரத் தேவையில்லை. பள்ளி இதழில் ஒரு கதைக்குக் கிடைக்கும் இடமும் இரண்டு பக்கம், எழுநூறு எண்ணூறு சொற்கள்தான். அந்த இடத்துக்குள் ஒரே ஒரு சோதனையை முழுமையாகச் சொல்லலாம். வேறு பெரிதாக எதையும் சொல்ல முடியாது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் போட்டி என்பது. "அறிவியல் கண்காட்சி" என்று பொதுவாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு மாணவரோ மாணவியோ தனியாக ஒரு யோசனையை அனுப்ப வேண்டும். அது தேர்வானால் மாதிரி செய்வதற்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போய்வருவதற்கும் 10,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு வேறு வகை. 1993 முதல் நடந்துவரும் அதில் மாதிரிகளுக்கு இடமில்லை. பத்து முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலுள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, நேரில் ஆராய்ந்து, தரவு திரட்டி, ஓர் அறிக்கையாக எழுதி நடுவர்கள் முன் விளக்குவார்கள். நாள்தோறும் செய்ததை எழுதிவைத்த குறிப்பேட்டையும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைத்து வந்த அமைப்பு தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மாவட்ட அளவில் பிள்ளைகள் தமிழிலேயே பேசுவார்கள்.

கிராமத்துச் சிறுமியின் கதைக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும். கண்காட்சி மாதிரியில் பொருள் வாங்கப் பணம் வேண்டும். மின்விளக்கு எரிவதும் மோட்டார் சுழல்வதும் பார்ப்பவர் கண்ணைக் கவரும். ஆய்வுத் திட்டத்தில் ஊரைப் பற்றிய அறிவுதான் முதல். அந்த அறிவு கிராமத்துப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவள் எதிலும் பின்தங்கியவளாகத் தொடங்கத் தேவையில்லை. ஆனால் இந்த வகையைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: அவள் தனியாக வெல்ல முடியாது. கதையில் ஒரு தோழியாவது கூட இருக்க வேண்டும். அது நட்டமல்ல. இரண்டு பிள்ளைகள் ஒரு பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்து வாதாடும்போதுதான் சோதனை உரையாடலாக மாறுகிறது. இல்லையென்றால் அவள் மனத்துக்குள் நினைத்ததையெல்லாம் எழுதுபவரே விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது கேள்வி. இங்கே எடுத்துக்காட்டாக ஒரு கதையை முழுவதும் கட்டிப் பார்க்கலாம். களம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். அந்தப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதனால் மழைநீரைத் தேக்கிவைக்கும் ஊருணிதான் தலைமுறைகளாகக் குடிநீர் தந்தது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட ஊர்களிலும், அது வராத நாளில் குடங்கள் ஊருணிக்குத்தான் போகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிரம்பும்போது தண்ணீர் மண்கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்க வீடுகளில் தேத்தாங்கொட்டையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். குடத்தின் உட்புறத்தில் கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் கலங்கல் அடியில் படியும்.

கதையின் சிறுமிக்குச் செல்வி என்றும் தோழிக்கு முத்துமாரி என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். இருவரும் எட்டாம் வகுப்பு. கதை நேராகக் குடத்தடியில் தொடங்கலாம்.

"அப்பத்தா, எத்தன வாட்டி ஒரசணும்?"

"தண்ணி தெளியிற மட்டும் ஒரசுத்தா."

"அது தெளிய ஒரு மணி நேரம் ஆகுமே. அதுவரைக்குமா ஒரசுறது?"

அப்பத்தா சிரித்தாள். அவளுடைய கை அறிந்த கணக்கு அது. வாயால் சொல்ல வராதது.

இந்த நான்கு வரிகளில் கதையின் கேள்வி வந்துவிட்டது. அப்பத்தாவின் கையில் இருக்கும் அளவை எண்ணாக மாற்ற முடியுமா என்பதுதான் அது. அவள் அறியாமையில் இருப்பவளாகவோ, பேத்தி அவளைத் திருத்துபவளாகவோ கதை போகக் கூடாது. அப்பத்தாவின் செயல் வேலை செய்கிறது. அது எவ்வளவுக்கு எவ்வளவு என்று மட்டும் இன்னும் யாரும் அந்த வீட்டில் அளக்கவில்லை.

இரண்டாவது திருப்பு இங்கேயே வருகிறது. வீட்டிலிருந்த கொட்டை தேய்ந்துபோயிருக்கிறது. தேத்தா மரம் இப்போது ஊர்ப்பக்கம் கண்ணில் படுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும். கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது. பறிக்காமல் விட்ட காய்கள் நெற்றாகி வெடித்துத் தொங்குகின்றன. முருங்கை விதைக்கும் தண்ணீரைத் தெளியவைக்கும் குணம் உண்டு என்று அறிவியல் ஆசிரியை சொல்கிறார். ஆசிரியைக்குக் கதையில் இந்த ஒரு வரியும் பின்னால் ஒரு கேள்வியும் போதும். அவர் வழி முழுவதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் பரிசு அவருக்குத்தான் போக வேண்டும்.

முருங்கை விதை எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதுபவர் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கதையின் பிற்பகுதி அதைச் சார்ந்தே நிற்கிறது. கலங்கல் தண்ணீரில் மிதப்பவை பெரும்பாலும் களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள். அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால் துகள்கள் சேராமல் விலகி விலகி நிற்கின்றன. அவ்வளவு சிறிய துகள் தனியாக அடியில் படிய நாள்கணக்கில் ஆகும். முற்றிய முருங்கை விதையின் பருப்பில் தண்ணீரில் கரையும் புரதம் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் மின்னூட்டம். அது களிமண் துகளில் ஒட்டி விலக்கத்தைக் குறைக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாகி, கனம் கூடி, கீழே இறங்குகின்றன. சேரும்போது அவை மெதுவாக ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதால்தான் முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் கிளற வேண்டியிருக்கிறது.

இதே காரணத்தால் விதை கூடினாலும் கெடும். நேர் மின்னூட்டப் புரதம் தேவைக்கு மேல் சேர்ந்தால் துகள்கள் எல்லாமே நேர் மின்னூட்டம் பெற்று மறுபடி விலகத் தொடங்கும். போடப்போட நல்லது என்று நினைத்தவர்களுக்குத் தண்ணீர் மீண்டும் கலங்கலாகத் தெரியும். ஒரு கதைக்கு இதைவிட நல்ல திருப்பத்தை இட்டுக்கட்ட முடியாது. இயற்கையே அதைத் தயாராக வைத்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு தோல்வி வர வேண்டும். இந்த வகைக் கதைகளில் தோல்வி என்றால் மாதிரி உடைந்துபோவது, மழையில் நனைவது, யாரோ திருடிவிடுவது என்றுதான் வரும். அவையெல்லாம் விபத்துகள். விபத்திலிருந்து அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. சோதனைக்குள் நேரும் தோல்வி வேறு. அது நினைத்துப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும்.

செல்வியும் முத்துமாரியும் ஒரு லிட்டர் பாட்டிலில் ஊருணித் தண்ணீரை எடுத்து, நுணுக்கிய விதையைப் போட்டுக் குலுக்கி, இரவு முழுக்கத் திண்ணையில் வைக்கிறார்கள். காலையில் மேல்தண்ணீர் தெளிந்திருக்கிறது. ஓடிப்போய் ஆசிரியையிடம் காட்டுகிறார்கள். அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"வெத போடாம ஒரு பாட்டில் வச்சீங்களா?"

வைக்கவில்லை. அன்றிரவு இரண்டு பாட்டில் வைக்கிறார்கள். காலையில் விதை போடாத பாட்டிலிலும் மேலே இருந்த மண் இறங்கியிருக்கிறது.

"அப்ப நம்ம வெத ஒண்ணுமே செய்யலயாடி?" என்றாள் முத்துமாரி.

கதையின் நடுப்புள்ளி இதுதான். விதை போடாத அந்தப் பாட்டிலைச் சோதனையில் ஒப்பீட்டு மாதிரி என்பார்கள். கனமான மண் தானாகவே படியும் என்பதை அது காட்டிவிட்டது. முதல் நாள் காலையில் பெற்ற மகிழ்ச்சியின் ஒரு பகுதி விதைக்குச் சேர வேண்டியதே அல்ல. எழுதுபவர் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. இரண்டு பிள்ளைகளும் இரண்டு பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும். விதை போடாததில் மேல்தண்ணீர் இன்னும் பால் கலந்ததுபோல் மங்கலாக இருக்கிறது. மற்றதில் அடுத்த பக்கத்துச் சுவரின் விரிசல் தெரிகிறது. அப்படியென்றால் வேறுபாடு இருக்கிறது, "தெளிந்தது" என்ற சொல்தான் போதவில்லை. எவ்வளவு தெளிந்தது, எத்தனை நேரத்தில் தெளிந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் செல்வி வாயால் சொல்லிவிட்டால் கதை அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

தெளிவை அளக்கக் கருவி வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் உயரமான அளவுக் குடுவையின் அடியில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், ஓர் உயரத்தில் குறி மறைந்துவிடும். அந்த உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு உயரம்வரை குறி தெரியும். ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் பார்த்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். செல்வி பார்த்துச் சொல்ல முத்துமாரி எழுதுவாள் என்று வேலையைப் பிரித்துவிட்டால், இருவருக்கும் கதையில் தனித்தனி இடம் கிடைத்துவிடுகிறது.

விதையின் அளவும் சரியாக இருக்க வேண்டும். ஓடு நீக்கிய பருப்பு நான்கைந்து சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் வரும். ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு கிராம் பருப்பை மாவாக அரைத்து, 100 மில்லி நல்ல தண்ணீரில் கலக்கித் துணியில் வடிகட்டினால் விதைக் கரைசல் தயார். இருமல் மருந்து மூடியின் 5 மில்லிக் கோடுவரை இதை எடுத்து ஒரு லிட்டர் கலங்கல் தண்ணீரில் ஊற்றினால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் விதை சேர்ந்திருக்கும். இரண்டு மூடி என்றால் 100, மூன்று என்றால் 150, நான்கு என்றால் 200. கரைசலை அன்றன்று புதிதாகச் செய்ய வேண்டும். வைத்திருந்தால் வீரியம் குறையும்.

ஐந்து பாட்டில்களும் ஒரே அளவு, ஒரே குடத்துத் தண்ணீர். நான்கில் ஒன்று முதல் நான்கு மூடிவரை கரைசல், ஐந்தாவதில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கிளறி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். ஒன்றும் போடாத பாட்டிலையும் அதேபோல் கிளற வேண்டும். அதை மறந்தால், தெளிந்தது விதையாலா கிளறியதாலா என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது.

கதைக்காக ஒரு முடிவை இப்படி அமைக்கலாம். ஊருணியிலிருந்து எடுத்தவுடன் குறி மறைந்த உயரம் 4 செ.மீ. ஒரு மணி நேரம் கழித்து, ஒன்றும் போடாத பாட்டிலில் 5 செ.மீ. ஒரு மூடி போட்டதில் 11, இரண்டு மூடியில் 23, மூன்று மூடியில் 19, நான்கு மூடியில் 9. எண்கள் ஏறி இறங்கும் இந்த வடிவம் உண்மையானது. ஆனால் உச்சம் எந்த அளவில் வரும் என்பது அன்றைய தண்ணீரின் கலங்கலைப் பொறுத்து மாறும். எழுதுபவர் தன் ஊர்த் தண்ணீரில் ஒருமுறையாவது இதைச் செய்து பார்த்துத் தன் எண்களைக் கதையில் வைப்பது நல்லது. அப்படிச் செய்தவரின் கதையில் விதைமாவு துணியில் ஒட்டிக்கொள்வதும், தண்ணீரில் லேசான பச்சை வாடை வருவதும், திரள்கள் பஞ்சுபோல் உருண்டு இறங்குவதும் கேட்காமலே வந்து சேரும்.

நான்கு மூடி ஊற்றிய பாட்டில் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் முத்துமாரி அளவு தப்பிவிட்டது என்று நினைக்கிறாள். மறுபடி செய்கிறார்கள், மூன்றாம் முறையும் செய்கிறார்கள். எண்கள் சிறிது முன்பின் இருந்தாலும் நான்கு மூடி எப்போதும் இரண்டு மூடிக்குப் பின்னால்தான் நிற்கிறது. மூன்று முறை செய்வது கதையில் ஒரே வாக்கியமாக வந்தால் போதும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் மட்டும் சோதனை ஒன்றுக்கும் ஆகாது, ஒருமுறை கிடைத்த எண் தற்செயலாக இருக்கலாம் என்பதால்.

இந்த வேலைகளெல்லாம் எந்த நேரத்தில் நடக்கின்றன என்பதில்தான் கதையின் கிராமம் இருக்கிறது. செல்வியின் காலை ஊருணிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போய்விடும். ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டிய பாட்டிலுக்கு அருகில் ஆடு வரக் கூடாது, தம்பி வரக் கூடாது. பள்ளி விட்டு வந்து வெளிச்சம் மங்குவதற்குள் அளந்து முடிக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் குறி வேறு உயரத்தில் மறையும். அவளுடைய நெருக்கடிகள் இப்படிச் சோதனையோடு சேர்ந்து வரும்போது அவற்றை வாசகர் தாமாக உணர்கிறார். "அவள் மிகவும் ஏழை" என்று எழுதி இரக்கத்தைக் கேட்கும் வாக்கியம் அந்தப் பிள்ளையைச் சிறுமைப்படுத்துகிறது. பள்ளி இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவளைப்போன்ற வீட்டிலிருந்து வருபவர்கள் என்பதை எழுதுபவர் ஒருபோதும் மறக்கக் கூடாது.

மாவட்டப் போட்டி நடக்கும் நாளைக் கதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வைக்கலாம். பேருந்துப் பயணம், மற்றப் பள்ளிகளின் பளபளப்பான அட்டைகள் ஆகியவற்றை இரண்டு வரியில் கடந்துவிட்டு நேராக நடுவர்களிடம் போவது நல்லது. குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் நடுவர்கள் கேட்கும் கேள்விகளே போட்டியின் உயிர். அறிக்கையைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்திருக்கலாம். குறுக்குக் கேள்விக்குப் பதிலை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால் கதையிலும் இந்த இடம் முழுக்க உரையாடலாக இருக்க வேண்டும்.

"இது நீங்க கண்டுபிடிச்சதாம்மா?"

"இல்ல சார். சூடான் நாட்டுல பொம்பளைங்க நைல் ஆத்துத் தண்ணிய இப்படித் தெளிய வப்பாங்களாம். எங்க ஊருணித் தண்ணிக்கு எவ்வளவு வேணும்னுதான் நாங்க பாத்தோம்."

"இந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா?"

"கூடாது மேடம். கலங்கல்தான் போகும். கிருமி கொஞ்சம் அடியில போயிரும், மிச்சம் இருக்கும். கொதிக்க வச்சு ஆத்தித்தான் குடிக்கணும்."

"உப்பு போகுமா?"

"போகாது சார். கரைஞ்சிருக்கிறத இது ஒண்ணும் செய்யாது."

"மாசி, பங்குனியில தண்ணி தானாத் தெளிஞ்சிருமே. அப்பவும் போடுவீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குச் செல்வி தயங்குகிறாள். முத்துமாரி குறிப்பேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டுகிறாள். மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், ஓரளவு தெளிந்திருந்த தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றியபோது பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அது தோற்ற சோதனை என்று நினைத்து அறிக்கையில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். கலங்கல் குறைவான தண்ணீரில் முருங்கை விதை சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. துகள்கள் அரிதாக இருக்கும்போது ஒன்றையொன்று சந்தித்துத் திரள்வது கடினம். நடுவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படிக்கிறார். பரிசைத் தீர்மானித்தது அந்தப் பக்கம்தான் என்று கதை சொல்ல வேண்டியதில்லை. படிப்பவருக்கு அது புரிந்துவிடும்.

சூடானைப் பற்றிய வரியைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே நைல் கரைக் கிராமப் பெண்கள் முருங்கை விதையைப் பயன்படுத்துவதை ஜெர்மனியைச் சேர்ந்த அறிவியலாளர் சாமியா அல் அசாரியா யான் 1970களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆகவே ஒரு பள்ளிச் சிறுமி இதை உலகிலேயே முதன்முதலில் கண்டுபிடித்தாள் என்று கதை எழுதினால் அது பொய். பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுத் திட்டத்தில் புதிது என்பது பெரும்பாலும் இடத்தைச் சார்ந்தது: தெரிந்த ஒரு முறை இந்த ஊரில், இந்தத் தண்ணீரில், இந்த மழைக்காலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவர்களைத் தவிர யாரும் அளந்ததில்லை. நடுவர்கள் மதிப்பதும் அதைத்தான். கதை இதை மறைக்காமல் சொன்னால், படிக்கும் பிள்ளை தன் ஊரிலும் அளக்காமல் கிடப்பது என்ன என்று தேடத் தொடங்கலாம். சிறுமியை மேதையாக்கினால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

வெற்றியின் அறிவிப்புக்கு ஒரு வாக்கியம் போதும். மாவட்டத்தில் தேர்வான குழு அடுத்து மாநில மாநாட்டுக்குப் போகும். அதையும் அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடலாம். மேடையும் பொன்னாடையும் நிழற்படமும் கதைக்குப் புதிதாக எதையும் தருவதில்லை. கதை மேடையில் முடியாமல் அப்பத்தாவிடம் திரும்பிவர வேண்டிய ஒரு தேவையும் இருக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற எண் அவளுக்குப் பயன்படாது. ஒரு குடம் ஏறத்தாழ பதினைந்து லிட்டர். அதற்கு வேண்டியது ஒன்றரை கிராம். அது ஆறேழு பருப்பு.

"அப்பத்தா, கொடத்துக்கு ஏழு வெத. கலங்கல் கொறஞ்சா நாலு போதும். தெளிஞ்ச தண்ணிக்கு வேணாம்."

"ஏழா? எண்ணிப் போடணுமாக்கும்," என்று சொல்லிக்கொண்டே அவள் நெற்றை உரிக்க உட்கார்ந்தாள்.

கேள்வி தொடங்கிய இடத்துக்கே பதிலும் வந்து சேர்ந்துவிடுவதால், இதற்கு மேல் எழுதும் எந்த வரியும் மிகையாகிவிடும். அப்பத்தா பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சேர்க்க விரும்பும் ஆசிரியர்கள் உண்டு. அந்த வரியை வெட்டிவிடும் உரிமை இதழைத் தொகுப்பவருக்கு இருக்க வேண்டும்.

நடையைப் பற்றி ஒரு சொல். உரையாடலில் ஊர்ப்பேச்சு இருக்கலாம். விவரிப்பு எளிய எழுத்துத் தமிழில் இருப்பதே நல்லது. முழுக்கதையையும் வட்டார வழக்கில் எழுதினால் வேறு மாவட்டத்துப் பிள்ளை தடுமாறும். இராமநாதபுரத்து அப்பத்தா கொங்குநாட்டில் அப்பாருவின் வீட்டம்மா, ஆத்தா; நெல்லையில் ஆச்சி. கதை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் உறவுச்சொல்லையே வைத்துவிட்டு, முதல் முறை வரும்போது சூழலிலிருந்து புரியும்படி அமைத்தால் போதும். மின்னூட்டம், திரள் போன்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருப்பவை; அவற்றை ஒருமுறை ஆசிரியையின் வாயிலோ குறிப்பேட்டிலோ வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசும்போது "எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்கள்" என்று சொல்ல மாட்டார்கள். "மண்ணு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குதுடி" என்றுதான் சொல்வார்கள். அறிவியலும் அதில் சரியாகவே இருக்கிறது.

கதையை அச்சிடும்போது அதன் அடியில் சிறு பெட்டி ஒன்று போடுவது அவசியம். படிக்கும் பிள்ளைகளில் சிலர் அன்று மாலையே பாட்டிலை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தே அதை எழுத வேண்டும். பச்சைக் காயின் விதை வேண்டாம், மரத்திலேயே காய்ந்த நெற்றின் விதைதான் வேண்டும்; பூஞ்சை பிடித்ததைத் தள்ளிவிட வேண்டும். கிளறிய தண்ணீரின் மேற்பகுதியை மட்டும் அடியிலுள்ள வண்டலைக் கலக்காமல் மெதுவாகச் சாய்த்து ஊற்றித் துணியில் வடிகட்ட வேண்டும். விதையிலிருந்து கரைந்த சத்து தண்ணீரில் தங்கிவிடும் என்பதால் அதில் கிருமிகள் மறுபடி பெருகும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் வாடையும் வரும். குடிக்கவேண்டுமானால் தெளிந்தவுடன் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆற்றி, அன்றே குடித்துவிட வேண்டும். சாயப்பட்டறைக் கழிவோ வயல் மருந்தோ கலந்த தண்ணீருக்கு இந்த முறை உதவாது என்பதையும், சோதனைக்காக ஊருணியில் இறங்கித் தண்ணீர் எடுக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதையும் அதே பெட்டியில் தடித்த எழுத்தில் போட்டுவிட வேண்டும்.